மோவாய்க்குக் கீழே ஒரு நிழல்

'இரட்டை நாடிச் சரீரம்' என்று நம் பாட்டிமார் சொன்னபோது அதில் ஏளனம் இருந்ததில்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக உழைத்து, பூசினாற்போல் இருக்கும் உடம்பு என்பதே அதன் பொருள். அதே இரட்டை நாடி ஒளிப்படத்தில் விழுந்தால் மட்டும் குறையாகிவிடுகிறது. மோவாய்க்குக் கீழே இன்னொரு மோவாய் போல ஒரு மடிப்பு தெரிந்ததும் "இதை எடுத்துவிட முடியுமா?" என்று கேட்கிறார்கள். பழைய படங்களைச் சீர்செய்து அச்சுக்குத் தயாராக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் என்னிடம் பெண்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அந்த மடிப்பு யாருடையது என்ற எதிர்க்கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் வேலையைத் தொடங்குகிறேன். சில படங்களில் அது அந்தப் பெண்ணுடையது. பல படங்களில் அது கேமரா நின்ற இடம் உண்டாக்கியது. இந்த இரண்டையும் பிரித்தறியும் கைத்தொழிலுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பெண்களின் முகத்தைத் திருத்தும் உரிமை யாருக்கு என்பதும் அந்த வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

கேமரா எப்படி ஒரு மடிப்பை உண்டாக்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நேருக்கு நேராக, கண் உயரத்தில் நின்று பார்க்கும்போது தாடை எலும்பின் கீழ்விளிம்போடு முகம் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, மோவாயிலிருந்து தொண்டை வரை கிடையாகக் கிடக்கும் சதைப்பகுதி நம் கண்ணுக்குப் படுவதில்லை. மேலிருந்து வரும் வெளிச்சத்தில் அது நிழலிலும் கிடக்கும். கேமரா கீழே இறங்கினால் அந்தக் கிடைப்பகுதி லென்ஸுக்கு முகம் காட்டத் தொடங்குகிறது. எல்லோருக்கும் இருக்கிற, ஆனால் யாரும் பார்த்திராத ஒரு பரப்பு படத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மெலிந்த பெண்ணுக்கும் இது நடக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. மோவாயைப் பின்னுக்கு இழுத்துத் தலையைக் குனிந்தால், கழுத்தின் தோல் நெருக்கப்பட்டு மடிகிறது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் கல்யாணப் பெண்ணிடம் சொல்லப்பட்ட வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். "கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கம்மா." அடக்கத்தைக் காட்டச் சொன்ன அந்தக் குனிவுதான் மடிப்பை உண்டாக்கியது. பிறகு அந்த மடிப்பு அழகில்லை என்று பென்சில் எடுத்துத் திருத்தியதும் அதே ஸ்டுடியோதான். நாணத்தை வேண்டியவர்கள், நாணம் கழுத்தில் விட்டுச்சென்ற தடத்தை மட்டும் வேண்டாம் என்றார்கள்.

பென்சில் என்று சொன்னது உருவகம் அல்ல. 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் மூனிக் நகரத்து ஒளிப்படக்காரர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல், திருத்தப்பட்ட ஒரு நெகட்டிவையும் திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரதிகளையும் காட்சிக்கு வைத்தார் என்று ஒளிப்பட வரலாறுகள் பதிவுசெய்கின்றன. 'ரீடச்சிங்' என்ற தொழில் அதன்பின் ஊர் ஊராகப் பரவியது. அதன் அடிப்படை எளியது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுப்பாக இருக்கும் இடம் பிரதியில் வெளுப்பாகவும், தெளிவாக இருக்கும் இடம் கறுப்பாகவும் வரும். முகத்தில் ஒரு சுருக்கம் பிரதியில் கறுப்புக் கோடாகத் தெரிகிறது என்றால், நெகட்டிவில் அந்த இடம் மெல்லியதாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் பென்சிலால் நுண்ணிய கோடுகள் இட்டு அடர்த்தியைக் கூட்டினால் பிரதியில் சுருக்கம் வெளுத்துவிடும். இதற்கு எதிர்வேலை கத்தியுடையது. படலத்தைக் கூரிய கத்தியால் மிக லேசாகச் சுரண்டினால் அடர்த்தி குறையும், பிரதியில் அந்த இடம் இருளும். பென்சில் வெளிச்சத்தைக் கொடுத்தது, கத்தி நிழலைக் கொடுத்தது.

இரட்டை நாடிக்கு இந்த இரண்டும் தேவைப்பட்டன. மடிப்பை நம் கண் எப்படி அடையாளம் காண்கிறது என்று கவனித்தால் காரணம் விளங்கும். மோவாய்க்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு. அதற்குக் கீழே வெளிச்சம் பட்டுத் திரண்ட ஒரு மேடு. அதற்கும் கீழே மறுபடி நிழல். இருள், ஒளி, இருள் என்ற இந்த அடுக்குதான் 'இன்னொரு மோவாய்' என்ற எண்ணத்தைத் தருகிறது. கோட்டைப் பென்சிலால் சற்று வெளுக்கவைத்து, மேட்டின் ஒளியைக் கத்தியால் சற்று அடக்கினால், மூன்று அடுக்கும் ஒரே நிழலாகக் கலந்துவிடும். சதையை வெட்டாமல், உருவத்தின் எல்லையை நகர்த்தாமல், ஒளியின் ஏற்றத்தாழ்வை மட்டும் மாற்றும் வேலை இது. இன்று கணினியில் நாங்கள் செய்வதும் இதைத்தான்.

அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கேமராவின் பின்னால் ஆண் நின்றார் என்றால், உள்ளறையில் சன்னலோரச் சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, கீழே ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி, ஊசிபோல் சீவிய பென்சிலோடு உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் பெண். படத்தின் அடியில் ஸ்டுடியோவின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும், அவர் பெயர் இருக்காது. விதிவிலக்காக, கிளாரா வெய்ஸ்மன் என்ற பெண் 1903இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து ரீடச்சிங் பற்றி ஒரு முழுக் கையேட்டையே தம் பெயரில் வெளியிட்டார். பெண் முகத்தின் இலக்கணத்தை ஆண்கள் வகுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அதைக் கோடு கோடாக நடைமுறைப்படுத்திய கைகளில் பெண்களின் கைகளும் இருந்தன என்பதையும் நாம் ஏற்கத்தான் வேண்டும். என் கையும் அந்த வரிசையில் வருகிறது.

திருத்தத்தைப் படம் எடுத்த பின்தான் செய்யவேண்டும் என்பதில்லை. எடுக்கும்போதே வெளிச்சத்தால் செய்யலாம் என்பதை 1930களின் ஹாலிவுட் உலகுக்குக் காட்டியது. மார்லீன் டீட்ரிஷின் புகழ்பெற்ற முகத்தை இயக்குநர் ஜோசப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க்கின் படங்களில் பாருங்கள். பிரதான விளக்கு முகத்துக்கு நேர்முன்னே, உயரத்தில் இருக்கிறது. மூக்குக்கு நேர்கீழே பட்டாம்பூச்சி வடிவில் ஒரு சிறு நிழல். கன்னத்துக்குக் கீழே மென்மையான குழிவு. தாடை விளிம்புக்குக் கீழே ஆழ்ந்த நிழல். அந்த நிழலுக்குள் எந்த மடிப்பும் தெரிய வழியில்லை. டீட்ரிஷ் இதைத் தானே கற்றுக்கொண்டார். படப்பிடிப்பில் கேமராவுக்கு அருகே ஒரு கண்ணாடியை வைக்கச் சொல்லி, விளக்கு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்வார் என்பது அவரோடு வேலைசெய்தவர்கள் சொன்ன செய்தி. அவரது முகம் சந்தைக்காகச் செதுக்கப்பட்டதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் செதுக்கும் கருவி எப்படி வேலைசெய்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளறையில் யாரோ கத்தியால் சுரண்டியபின் தன் முகத்தை முதன்முதலாகப் பார்க்கும் பெண்ணின் நிலைக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

கணினி வந்தபோது பழைய இருட்டறையின் கைகள் அப்படியே அதற்குள் போய்ச் சேர்ந்தன. இருட்டறையில் பிரதி எடுக்கும்போது, ஒரு கம்பியின் நுனியில் சிறு அட்டையை ஒட்டி, வெளிச்சத்துக்குக் குறுக்கே ஆட்டிக்கொண்டிருந்தால் அதன் நிழல் பட்ட இடம் வெளுப்பாக வரும். கையைக் குவித்து ஓட்டை விட்டு, அதன்வழி கூடுதல் வெளிச்சத்தை ஓர் இடத்தில் மட்டும் பாய்ச்சினால் அந்த இடம் இருளும். முன்னதற்கு டாட்ஜ், பின்னதற்கு பர்ன் என்று பெயர். ஃபோட்டோஷாப் மென்பொருளில் Dodge கருவியின் படம் அந்தக் கம்பியில் ஒட்டிய வட்ட அட்டைதான். Burn கருவியின் படம் அந்தக் குவித்த கைதான். இருட்டறைக்குள் கால் வைத்திராத தலைமுறையும் தினமும் அந்தக் கையைத் தொட்டுத்தான் வேலைசெய்கிறது.

மூன்றாவது கருவியான குளோன், அதாவது படத்தின் ஓரிடத்துத் துணுக்கை எடுத்து இன்னோரிடத்தில் முத்திரைபோல் பதிப்பது, வேறு ஒரு கதையோடு வருகிறது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய சகோதரர்கள் தாமஸ் நாலும் ஜான் நாலும். அடோபி நிறுவனம் அதை 1990இல் வெளியிட்டது. அதற்கு முன்பு, மென்பொருள் என்ன செய்யும் என்று பிறருக்குக் காட்ட ஜான் நால் பயன்படுத்திய படம், 1987இல் போரா போரா தீவின் கடற்கரையில் அவர் எடுத்தது. பின்னாளில் அவர் மனைவியான ஜெனிஃபர், மேலாடையின்றி, நமக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். உலகமெங்கும் பெண் உடலைத் திருத்தப்போகும் கருவி, ஒரு பெண்ணின் முதுகை வைத்துத்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அதைச் சதி என்று சொல்லமாட்டேன், கையில் கிடைத்த படம் அது. ஆனால் கையில் கிடைக்கும் படம் ஏன் எப்போதும் பெண்ணுடையதாக இருக்கிறது என்பது கேட்கத்தக்க கேள்வி.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கோவைப் பக்கத்து மில் தொழிலாளிப் பெண்களின் நினைவுகளைத் தொகுத்த ஒரு நூலுக்காக என்னிடம் வந்தது அது. 1980களில் ஒரு வாயிற்கூட்டத்தில் பேசும் பெண். அவர் மேடையில் பேசும் படமாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஆறுக்கு நாலு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பிரதி, நெகட்டிவ் இல்லை. வலதுகை மேலே உயர்ந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, பார்வை கூட்டத்தின் கடைசி வரிசையில் இருக்கிறது. பார்த்தவுடன் கண்ணில் படுவது இவை எதுவும் அல்ல, கழுத்து. மோவாய்க்குக் கீழே வெளுத்துத் திரண்ட ஒரு பந்து. "சாப்பாட்டு ராமி மாதிரி இருக்கேன்" என்று அவர் இந்தப் படத்தைப் பல ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார்.

மடிப்பு யாருடையது என்பதை இங்கே கணக்குப் போட்டே பார்க்கலாம். மேடை ஏறத்தாழ நான்கடி உயரம். அதன்மேல் நிற்கும் பெண்ணின் வாய் தரையிலிருந்து எட்டரை அடியில் இருக்கும். தரையில் நின்ற ஒளிப்படக்காரரின் கேமரா ஐந்தடியில். வித்தியாசம் மூன்றரை அடி. அவர் இருபதடி தள்ளி நின்றிருந்தால் பார்வைக்கோணம் பத்துப் பாகை அளவுதான் மேல்நோக்கியிருக்கும், கழுத்து பெரிதாகத் தெரிந்திருக்காது. அவர் மேடையை ஒட்டி, ஆறடித் தூரத்தில் நின்றிருக்கிறார். அங்கிருந்து கோணம் முப்பது பாகை. படத்திலேயே அதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. மூக்குத் துவாரங்கள் முழுதாகத் தெரிகின்றன. காதுகள் இருக்கவேண்டிய மட்டத்தைவிடக் கீழே இறங்கித் தெரிகின்றன. இவற்றோடு கேமராவின் மேல் பொருத்திய ஃபிளாஷ் வேறு. அதன் வெளிச்சமும் கீழிருந்தே வந்து, வழக்கமாக நிழலில் கிடக்கும் தாடையின் அடிப்பகுதியைச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கவைத்துவிட்டது. அதே ஆண்டுகளில் எடுத்த அவரது அடையாள அட்டைப் படத்தில் தாடைக்கோடு தெளிவாக இருக்கிறது. ஆக, பந்தின் பெரும்பகுதி அவருடையது அல்ல.

தொடுமுன் அவரிடம் கேட்டோம். எழுபதைத் தாண்டியவர். படத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கழுத்துச் சதை என்னோடது கண்ணு, அதைப் பூராவும் வழிச்சு எடுத்துராத. கீழ நின்னு லைட்டடிச்சான் பாரு, அதை மட்டும் எடு." ரீடச்சிங் பற்றி நான் கேட்ட மிகத் துல்லியமான விளக்கம் இது. அதற்குமேல் என் வேலையெல்லாம் இதைக் கணினிக்குச் சொல்வதுதான்.

பிரதியை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். முகம் கட்டைவிரல் நகத்தின் அளவுதான், இருந்தும் எழுநூறு பிக்சல் உயரம் கிடைத்தது. மூலக்கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, அதன் நகலின்மேல் நடுச்சாம்பல் நிறத்தால் நிரப்பிய ஓர் அடுக்கைப் போட்டு, அதன் கலப்புமுறையை Soft Light என்று வைத்தேன். இந்த முறையில் நடுச்சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் வெள்ளை பூசினால் கீழே உள்ள படம் வெளுக்கும், கறுப்பு பூசினால் இருளும். விரும்பாத பூச்சைச் சாம்பலால் மூடிவிட்டால் பழைய நிலை திரும்பும். பென்சிலும் கத்தியும் இங்கே வெள்ளையும் கறுப்புமாகிவிட்டன, ஆனால் கத்தி சுரண்டியதைத் திரும்பப் பெற முடியாது, இதைப் பெறலாம்.

தூரிகையின் விளிம்பை மென்மையாக்கி, Flow அளவை மூன்று விழுக்காட்டுக்கு இறக்கிக்கொண்டேன். ஒரு பூச்சில் எதுவும் மாறியதாகத் தெரியக்கூடாது, பத்துப் பூச்சில்தான் தெரியவேண்டும். வரிசையும் முக்கியம். முதலில் மேட்டின் ஒளியை அடக்கவேண்டும். இரண்டாவதாக, மோவாய்க்கும் மேட்டுக்கும் நடுவிலுள்ள கறுப்புக் கோட்டைச் சற்று வெளுக்கவைக்க வேண்டும். இந்த இரண்டும் முடிந்து அந்தப் பகுதி ஒரே பரப்பாகத் தெரிந்த பிறகுதான், தாடை எலும்பின் விளிம்பைக் காதுமடலிலிருந்து மோவாய் வரை பின்தொடர்ந்து, அதற்குக் கீழே ஒரு நிழலை இறக்கவேண்டும். விளிம்பை ஒட்டி அடர்த்தியாகவும் தொண்டையை நோக்கிப் போகப்போக மெலிந்தும் அந்த நிழல் இருக்கவேண்டும். நேராக நிழலிலிருந்தே தொடங்குபவர்களின் படத்தில் மேடு நிழலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அதை மறைக்க மேலும் மேலும் இருட்டுவார்கள். கடைசியில் கழுத்தின்மேல் முகமூடி மிதப்பதுபோல் ஆகிவிடும்.

எவ்வளவு இருட்டலாம் என்பதை நம் விருப்பம் முடிவுசெய்யக் கூடாது, படத்திலுள்ள வெளிச்சம்தான் முடிவுசெய்யவேண்டும். இந்தப் படத்தில் ஃபிளாஷ் கீழிருந்து வந்ததால் மூக்கின் நிழல் மேல்நோக்கி விழுந்திருக்கிறது. அப்படியிருக்க, டீட்ரிஷுக்கு விழுந்ததுபோல் ஆழ்ந்த நிழலைத் தாடைக்குக் கீழே இறக்கினால் ஒரே முகத்தில் இரண்டு சூரியன்கள் இருப்பதாக ஆகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று உறுத்தும். நல்லவேளையாகப் பந்தலில் ஒரு குழல்விளக்கு தலைக்குமேல் எரிந்துகொண்டிருந்தது. அதன் மெல்லிய நிழல் தோளில் தெரிகிறது. அந்தத் தோள்நிழலின் அடர்த்தியைத்தான் எல்லையாக வைத்துக்கொண்டேன். மடிப்பு பாதியளவு குறைந்தது, மீதி அங்கேயே இருந்தது. நிறைய முயன்றால் முழுவதையும் மறைத்திருக்கலாம். ஆனால் வெளிச்சம் அதற்கு இடம் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

வெளுக்கவைக்கும் பூச்சில் இன்னொரு எச்சரிக்கை தேவை. கோட்டை நிரப்ப எடுத்த வெள்ளை, கன்னத்துக்கும் நெற்றிக்கும் கசிவது கையின் பழக்கம். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணின் நிறமே இரண்டு படி ஏறியிருக்கும். "கொஞ்சம் கலர் கூட்டிக் குடுங்க" என்று பெண்பார்க்கும் படங்களுக்குக் கேட்டுப் பழகிய ஊர் நம்முடையது. அதனால் வேலையின் நடுவே அடிக்கடி அந்த அடுக்கை அணைத்துவிட்டு, நெற்றியின் ஒரு புள்ளியில் அளவுகாட்டியை வைத்துப் பார்ப்பேன். திருத்தத்துக்கு முன்பும் பின்பும் நெற்றியின் எண் ஒன்றாக இருக்கவேண்டும். தாடைக்குக் கீழே வேலைசெய்கிறேன் என்ற பெயரில் ஒருவரின் நிறத்தைத் திருடுவது வேறு குற்றம்.

ஒளிவேலை தீராத இடத்தில்தான் குளோனுக்கு வேலை. மடிப்பின் ஒரு நுனி, கழுத்தின் பக்கவாட்டு விளிம்பைத் தாண்டிப் பின்னால் இருந்த பேனர் துணியின்மேல் ஒரு சிறு பிதுக்கமாக நின்றது. எல்லைக்கோடு உடைந்த இடத்தில் வெளுப்பும் இருளும் உதவாது. புதிய வெற்று அடுக்கில் Clone Stamp கருவியை எடுத்து, பிதுக்கத்துக்குச் சற்று மேலே உள்ள பேனர் துணியிலிருந்து துணுக்கை எடுத்து அதன்மேல் பதித்தேன். துணுக்கு எடுக்கும் இடம், பதிக்கும் இடத்தைப்போலவே வெளிச்சத்திலிருந்து அதே தூரத்தில் இருக்கவேண்டும், இல்லையென்றால் ஒட்டுத்துணிபோல் நிற்கும். தூரிகையின் விளிம்பு, படத்தின் விளிம்பு எவ்வளவு மங்கலோ அவ்வளவு மங்கலாக இருக்கவேண்டும். கத்தரித்ததுபோல் கூர்மையாக விளிம்பை வெட்டினால் மற்றக் கழுத்துக்கோட்டோடு அது சேராது.

பழைய படத்தில் மறக்கக்கூடாதது ஃபிலிமின் மணல்தன்மை. தோலின்மேல் தெரியும் அந்தப் பொடிப்புள்ளிகள் தோலுடையவை அல்ல, படலத்துடையவை. குளோனின் Opacity அளவைக் குறைத்துவைத்துப் பலமுறை தேய்த்தால், ஒரு துணுக்கின் புள்ளிகள் இன்னொன்றோடு கலந்து மழுங்கிவிடும். அந்த இடம் மட்டும் வெண்ணெய் தடவியதுபோல் வழவழக்கும். அதனால் முழு அளவில் வைத்து, ஒவ்வொரு பதிப்புக்கும் வெவ்வேறு இடத்திலிருந்து துணுக்கு எடுத்து, குறைவாகப் பதிப்பதே முறை. மடிப்பின் கோட்டில் எஞ்சிய இரண்டு அடர்ந்த புள்ளிகளுக்கு மட்டும் கருவியின் கலப்புமுறையை Lighten என்று மாற்றிக்கொண்டேன். அப்போது துணுக்கைவிட இருண்ட புள்ளிகள் மட்டுமே மாறும், சுற்றியுள்ள தோல் தப்பிக்கும். ஒரே மச்சம் இரண்டு இடத்தில் தெரிகிறதா, ஒரே புள்ளிக்கோலம் திரும்ப வருகிறதா என்று தேடுவது கடைசிச் சோதனை. அதற்குப் படத்தை இடவலமாகப் புரட்டிப் போட்டுப் பார்ப்பேன். பழகிப்போன கண் அப்போதுதான் விழித்துக்கொள்ளும்.

செய்யாமல் விட்டதையும் சொல்லவேண்டும். Liquify என்று ஒரு வசதி இருக்கிறது. தாடையை விரலால் பிடித்து மேலே தள்ளுவதுபோல் தள்ளிவிடலாம், ஒரு நிமிட வேலை. அது ஒளியை மாற்றுவதில்லை, எலும்பையே நகர்த்துகிறது. கழுத்தைச் சுற்றி ஓடிய இரண்டு ரேகைகளையும் தொடவில்லை. அவை கோணத்தால் வந்தவை அல்ல, அண்ணாந்து நூல் பார்த்த கழுத்தின் ரேகைகள்.

இந்த எல்லைக்கோடு எங்கே என்ற தகராறு பிரபலங்களின் உலகத்தில் வெளிப்படையாகவே நடந்திருக்கிறது. 2003இல் ஜிக்யூ இதழின் பிரிட்டிஷ் பதிப்பு அட்டைப்படத்தில் கேட் வின்ஸ்லெட்டை மெலியவைத்து வெளியிட்டபோது, தான் அப்படி இல்லை, அப்படி இருக்க விரும்பவும் இல்லை என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். 2021இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் விளம்பரத் தாளில் தன் முகம் அதிகமாகத் திருத்தப்பட்டிருந்ததால் அதை இரண்டுமுறை திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். நார்வே 2021இல் தன் சட்டத்தைத் திருத்தி, விளம்பரப் படத்தில் உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ மாற்றியிருந்தால் அதை முத்திரையிட்டுச் சொல்லவேண்டும் என்று ஆக்கியது. 2022 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்கிறது. திருப்பி அனுப்பும் வலிமை நட்சத்திரத்துக்கு இருந்தது. முத்திரை விளம்பரத்துக்குப் பொருந்துகிறது. மில் வாயிலில் பேசிய பெண்ணின் படத்துக்கு இந்த இரண்டும் இல்லை. அங்கே கருவியைப் பிடித்திருப்பவர் கேட்டால்தான் உண்டு.

எந்தத் திருத்தமும் வேண்டாம், உள்ளபடி போடுவதே பெண்ணியம் என்று என்னிடம் வாதிட்ட தோழிகள் உண்டு. அந்த வாதத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது கேமராவை உள்ளதை உள்ளபடி காட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது. மேடையேறிய பெண்ணைக் கீழிருந்து, ஆறடித் தூரத்தில், முகத்தில் ஃபிளாஷ் அடித்து எடுத்த படமும் ஒருவருடைய திருத்தம்தான். அதைப் படம் எடுத்தவர் செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம். உயர்ந்த கையும் திறந்த வாயும் முன்னே வரவேண்டிய படத்தில் கழுத்து முன்னே வந்ததற்கு அந்தப் பெண் பொறுப்பில்லை.

நூலில் அந்தப் படம் முழுப்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. பக்கத்தின் அடியில், 'கோணத்தால் விழுந்த வெளிச்சம் மட்டும் குறைக்கப்பட்டது' என்று அவர் ஒப்புதலோடு ஒரு வரி சேர்த்தோம். மூலப்படத்தின் ஸ்கேன் அவர் வீட்டிலும் பதிப்பகத்திலும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் முதல் பார்வையில் வேறுபாடு தெரியாது. திருத்திய படத்தில் கண் நேராக அந்தக் கைக்குப் போகிறது. அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "கூட்டம் எவ்வளவு இருந்துச்சுன்னு இதுல தெரியலையே, கண்ணு?"